நூற்றை நோக்கி நகரும் விலை

கடன் பத்திரம் என்பது கடன் வாங்கியவர் எழுதிக் கொடுக்கும் இரண்டு வாக்குறுதிகளின் தொகுப்பு. குறித்த தவணைகளில் ஒரு நிலையான வட்டித் தொகையைத் தருவதாகவும், குறித்த நாளில் பத்திரத்தின் முகத்தில் அச்சிடப்பட்ட தொகையை முழுமையாகத் திருப்பித் தருவதாகவும் அது சொல்கிறது. முதலில் சொன்ன வட்டித் தொகைக்குக் கூப்பன் என்று பெயர். காகிதப் பத்திரங்களின் ஓரத்தில் வட்டிச் சீட்டுகளை ஒட்டிவைத்து, தவணைதோறும் ஒன்றைக் கத்தரித்துக் கொடுத்துப் பணம் பெற்ற காலத்தின் எச்சம் அந்தச் சொல். திருப்பித் தரப்படும் தொகை முகமதிப்பு. இந்திய அரசின் பத்திரங்களில் விலை எப்போதும் 100 ரூபாய் முகமதிப்புக்கு இவ்வளவு என்றே சொல்லப்படும். திருப்பித் தரும் நாள் முதிர்வு நாள். இவை மூன்றும் பத்திரம் பிறக்கும்போதே எழுதப்பட்டுவிடுகின்றன, பிறகு மாறுவதில்லை. மாறுவது விலை மட்டுமே.

அந்த விலை இடையில் எங்கு சென்றாலும், முதிர்வு நாளில் முகமதிப்புக்கு வந்தே தீர வேண்டும். நாளை காலை 100 ரூபாய் கிடைப்பது உறுதியான ஒரு தாளை இன்று 90 ரூபாய்க்கு விற்க எவரும் முன்வரமாட்டார், 110 கொடுத்து வாங்கவும் எவரும் வரமாட்டார். முதிர்வு நாளில் நிகழும் இந்த எளிய சமத்துவம், அதற்கு முந்தைய ஒவ்வொரு நாளின் விலையையும் தன் பக்கம் இழுக்கிறது. கடன் சந்தையில் புழங்குவோர் ‘புல் டு பார்’ என்று சொல்லும் இந்த நகர்வை முகமதிப்பு ஈர்ப்பு என்று அழைக்கலாம். விலை நூற்றுக்கு வரும் என்பதை எளிதில் புரிந்துகொள்ளலாம்; எந்த வேகத்தில் வருகிறது, அந்த நகர்வில் யாருடைய பணம் யாருக்குப் போகிறது, எப்போது வராமலே போகிறது என்பவைதான் கூர்ந்து பார்க்க வேண்டியவை.

இதற்கு இந்திய அரசின் ஒரு குறிப்பிட்ட பத்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2020 டிசம்பர் 1 அன்று வெளியான, 2030 டிசம்பர் 1 அன்று முதிரும் அந்தப் பத்திரத்தின் கூப்பன் ஆண்டுக்கு 5.85 சதவீதம். சந்தையில் அதன் பெயரே ‘5.85 சதவீத ஜி.எஸ். 2030’ என்பதுதான். இந்திய அரசின் வழக்கப்படி வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில், நூற்றுக்கு 2 ரூபாய் 92.5 காசு வீதம் வழங்கப்படுகிறது. 5.85 என்ற எண் ரிசர்வ் வங்கி நடத்திய ஏலத்தில் பிறந்தது. பத்தாண்டுக் கடனுக்கு அந்த நேரத்தில் சந்தை கேட்ட விகிதம் அது. அதையே கூப்பனாக எழுதிவிட்டதால் பத்திரம் நூற்றுக்கு நூறு என்ற விலையில் வெளியானது. ரெப்போ எனப்படும் ரிசர்வ் வங்கியின் அடிப்படை வட்டி விகிதம் அப்போது 4 சதவீதமாக, மிகத் தாழ்ந்த நிலையில் இருந்தது.

2022 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி ரெப்போவை உயர்த்தத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பத்தாண்டு அரசுப் பத்திரங்களுக்குச் சந்தை கேட்ட விகிதம் 7.5 சதவீதத்தைத் தாண்டியது. இந்த விகிதத்தைத்தான் ‘யீல்டு’ என்கிறார்கள். தமிழில் ஈட்டு விகிதம் எனலாம். பத்திரத்தை இன்றைய விலைக்கு வாங்கி முதிர்வுவரை வைத்திருப்பவருக்கு, கூப்பன்களும் இறுதித் தொகையும் சேர்ந்து தரும் ஆண்டு வருவாய் விகிதம் அது. கூப்பன் பத்திரத்தோடு ஒட்டியது, ஈட்டு விகிதம் சந்தையோடு ஒட்டியது. இரண்டும் பிரியும்போதுதான் விலை நூற்றைவிட்டு விலகுகிறது. புதிதாக வரும் பத்திரம் 7.5 தருகையில் 5.85 தரும் பழைய பத்திரத்தை நூறு ரூபாய்க்கு யாரும் வாங்கமாட்டார்கள். ஆண்டுக்கு 1.65, அதாவது அரையாண்டுக்கு 82.5 காசு குறைவாகக் கிடைக்கிறது என்பதால், அந்தக் குறை முழுவதையும் இன்றைய விலையில் கழித்துக்கொள்வார்கள்.

2022 ஜூன் 1 அன்று இந்தப் பத்திரத்துக்கு மிகச் சரியாக எட்டரை ஆண்டுகள், அதாவது 17 அரையாண்டுகள் மீதமிருந்தன. ஈட்டு விகிதம் 7.5 எனக் கொண்டால், இன்னும் வரவிருக்கும் 17 குறைகளையும், ஒவ்வொன்றும் வர ஆகும் காலத்துக்கேற்பத் தள்ளிக் கணக்கிட்டு, இன்றைய மதிப்பில் கூட்டினால் 10 ரூபாய் 23 காசு வருகிறது. ஆகவே விலை 89 ரூபாய் 77 காசு. முகமதிப்புக்குக் கீழே விற்கும் இத்தகைய பத்திரத்தைத் தள்ளுபடிப் பத்திரம் என்பது வழக்கம்.

பத்து லட்சம் ரூபாய் முகமதிப்புள்ள இந்தப் பத்திரத்தை அந்த விலையில் ஒருவர் வாங்கியதாக வைத்துக்கொண்டு, அவருடைய கணக்கேட்டின் முதல் வரியை மட்டும் பார்ப்போம். அவர் கொடுத்தது 8,97,659 ரூபாய். அரையாண்டுக்கு 3.75 சதவீதம் என்ற விகிதத்தில் அந்தப் பணம் ஈட்ட வேண்டியது 33,662 ரூபாய். ஆனால் டிசம்பர் 1 அன்று அவர் கைக்கு வருவது 29,250 ரூபாய் கூப்பன் மட்டுமே. சந்தையின் ஈட்டு விகிதம் அப்படியே 7.5-இல் நின்றிருந்தால், மீதி 4,412 ரூபாய் எங்கே? அது பத்திரத்தின் விலைக்குள் சேர்ந்துவிட்டது. பத்திரம் அன்று 9,02,071 ரூபாய், அதாவது நூற்றுக்கு 90 ரூபாய் 21 காசு பெறும். வட்டியாகக் கைக்கு வராத பகுதி விலையாக ஏறுகிறது. முகமதிப்பு ஈர்ப்பின் முழு இயக்கமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. சமன்பாடாக எழுதினால் இவ்வளவுதான்:

அடுத்த தவணையின் விலை = இன்றைய விலை × (1 + அரையாண்டு ஈட்டு விகிதம்) − கூப்பன்

இந்தச் சமன்பாட்டில் சந்தையின் மனநிலைக்கோ, வாங்குவோர் விற்போர் எண்ணிக்கைக்கோ இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டி விகிதத்தில் எந்த மாற்றமும் நேராமல், எந்தச் செய்தியும் வராமல், காலம் மட்டுமே கடந்தாலும் விலை நகரும். பங்கின் விலையைப் பற்றி இப்படி ஒரு கூற்றைச் சொல்லவே முடியாது.

இனி, அந்த நகர்வின் வடிவம். 89.77-இலிருந்து 100 வரை ஏற வேண்டிய 10 ரூபாய் 23 காசை 17 அரையாண்டுகளுக்குச் சமமாகப் பங்கிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 60 காசு வரும். பலர் மனத்தில் இருக்கும் படமும் அந்த நேர்கோடுதான். ஆனால் முதல் அரையாண்டில் ஏறியது 44 காசு மட்டுமே. ஈட்டு விகிதம் மாறாதிருந்தால், 2030 ஜூனிலிருந்து டிசம்பர் வரையிலான கடைசி அரையாண்டில் விலை 99.20-இலிருந்து 100-க்கு, ஏறத்தாழ 80 காசு ஏறும். காலத்தில் பாதி கடந்த பின்னும், பள்ளத்தில் சுமார் 42 சதவீதமே நிரம்பியிருக்கும். நூற்றை நெருங்க நெருங்க விலை தளர்வதில்லை, வேகம் கூடுகிறது.

இதற்கான காரணத்தை, விலையைக் குறைத்துவைத்திருக்கும் அந்த 17 குறைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் தெளியலாம். ஒவ்வொன்றும் 82.5 காசுதான், ஆனால் அரையாண்டில் வரவிருக்கும் குறையின் இன்றைய மதிப்பு 79.5 காசு, எட்டரை ஆண்டு கழித்து வரவிருப்பதன் இன்றைய மதிப்பு 44 காசு. ஓர் அரையாண்டு கடந்ததும் முன்னால் நின்ற குறை நிகழ்ந்து முடிகிறது, பின்னால் நின்றவை எல்லாம் ஓரிடம் முன்னே நகர்கின்றன. முன்வரிசை மறுபடியும் நிரம்பிவிடுகிறது. காலியாவது வரிசையின் கடைசி இடம்தான். 17 குறைகளின் வரிசை 16 ஆகும்போது கணக்கிலிருந்து மறைவது தொலைவில் இருந்த, மதிப்பில் மிகச் சிறிய அந்த 44 காசு. வரிசை குறுகக் குறுக, காலியாகும் கடைசி இடம் நிகழ்காலத்துக்கு அருகில் வருகிறது, அதன் மதிப்பும் பெரிதாகிறது. நீண்ட காலப் பத்திரங்களின் விலை பல்லாண்டுகள் அசையாமல் கிடப்பதுபோலத் தோன்றி, கடைசி ஆண்டுகளில் விரைவதும் இதனால்தான்.

மறுபக்கத்தில் இதே கணக்கு தலைகீழாக நடக்கிறது, ஆனால் அங்கே ஏமாறுவதற்கான வாய்ப்பு அதிகம். 2040 ஜூலை 2 அன்று முதிரும் 8.30 சதவீத அரசுப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். முதிர்வுக்குச் சரியாக இருபது ஆண்டுகள் இருந்த 2020 ஜூலை 2 அன்று, ஈட்டு விகிதம் 6.5 எனக் கொண்டு கணக்கிட்டால் அதன் விலை 119 ரூபாய் 99 காசு. முகமதிப்புக்கு மேல் செலுத்தப்படும் இந்த இருபது ரூபாயைப் பிரீமியம் என்றும், பாடநூல்களில் முனைமம் என்றும் சொல்வார்கள். பத்து லட்சம் முகமதிப்புக்கு ஒருவர் 11,99,876 ரூபாய் கொடுத்து வாங்குகிறார் என்றால், அரையாண்டுக்கு 3.25 சதவீதம் என்ற விகிதத்தில் அது ஈட்டுவது 38,996 ரூபாய். கைக்கு வருவதோ 41,500 ரூபாய். கூடுதலாக வந்த 2,504 ரூபாய் வட்டியே அல்ல; வாங்கியவர் போட்ட முதலின் ஒரு துண்டு, வட்டியின் உடையில் அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. அந்த அளவுக்குப் பத்திரத்தின் விலையும் இறங்கியிருக்கும்.

இதை அறியாமல் கூப்பன் முழுவதையும் வருமானமாக எண்ணிச் செலவிடுபவர், இருபது ஆண்டுகளில் தன் முதலில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாயைத் தின்று தீர்த்திருப்பார். முதிர்வில் அவருக்கு வருவது போட்ட பன்னிரண்டு லட்சம் அல்ல, பத்து லட்சம். ஓய்வூதியத் தொகையை இத்தகைய பத்திரங்களில் இடுபவர்களுக்கு, கூப்பனை விலையால் வகுத்து 6.92 சதவீதம் வருவாய் என்று சொல்லப்படும்போது, அதில் ஏறக்குறைய 0.42 சதவீதப் புள்ளிகள் அவர்களுடைய சொந்த முதல் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. இறக்கத்தின் வடிவமும் இங்கே ஏமாற்றக்கூடியது. ஈட்டு விகிதம் மாறாவிட்டால், முதல் பத்து ஆண்டுகளில் விலை 120-இலிருந்து 113 வரைதான் இறங்கும். மீதிப் பதின்மூன்று ரூபாயும் பின்பாதியில் கரையும். முன்பாதியில் மட்டும் விலையைப் பார்த்தவருக்குப் பிரீமியம் கரைகிறது என்பதே கண்ணில் பட்டிருக்காது.

அன்றாட விலையைக் கூர்ந்து பார்ப்பவருக்கு இன்னொரு குழப்பம் நேரலாம். இரு கூப்பன் நாள்களுக்கு இடையில் பத்திரத்தை விற்பவர், கடைசிக் கூப்பனுக்குப் பின் தான் வைத்திருந்த நாள்களுக்குரிய வட்டியையும் வாங்குபவரிடம் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். கைமாறும் மொத்தத் தொகை நாளுக்கு நாள் ஏறி, கூப்பன் நாளில் சட்டென்று விழுந்து, மறுபடி ஏறும். வரைந்து பார்த்தால் ரம்பத்தின் பற்கள்போல இருக்கும். அந்தச் சேர்ந்த வட்டியைக் கழித்துவிட்டுச் சொல்லப்படும் ‘கிளீன் பிரைஸ்’ என்ற நிகர விலையில் பற்கள் மறைந்து சீரான வளைகோடு மட்டும் மிஞ்சும். திரைகளில் மேற்கோள் காட்டப்படுவது இந்த நிகர விலைதான். இந்த அத்தியாயத்தின் விலைகளும் கூப்பன் நாள்களுக்குரியவை என்பதால் அந்தச் சிக்கல் அவற்றில் இல்லை.

இதுவரையிலான கணக்கெல்லாம் ஈட்டு விகிதம் அசையாமல் நிற்கும் ஓர் உலகத்துக்குரியது. உண்மைச் சந்தையில் அது தினமும் அசைகிறது, அந்த அசைவு ஈர்ப்பைப் பல மாதங்களுக்கு மூடி மறைத்துவிடக் கூடும். ஆகவே ஒரு பத்திரத்தின் விலை ஏறியதைக் கண்டால், அதில் காலத்தின் பங்கு எவ்வளவு, ஈட்டு விகித மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 5.85 சதவீதப் பத்திரத்துக்கே திரும்புவோம். 2025 ஜூன் மாதத்தில் ரிசர்வ் வங்கி ரெப்போவை 5.50 சதவீதமாகக் குறைத்தது. அதற்கு முன்பிருந்தே சந்தையின் ஈட்டு விகிதங்கள் இறங்கியிருந்தன. ஜூன் 1 அன்று, ஐந்தரை ஆண்டுகள் மீதமிருந்த நிலையில், ஈட்டு விகிதத்தை 6.25 எனக் கொண்டால் விலை 98 ரூபாய் 16 காசு. மூன்று ஆண்டுகளில் 89.77-இலிருந்து எட்டு ரூபாய் 39 காசு ஏற்றம். ஈட்டு விகிதம் 7.5-இலேயே நின்றிருந்தால் அன்றைய விலை 92 ரூபாய் 67 காசாக இருந்திருக்கும். எனவே ஏற்றத்தில் 2 ரூபாய் 90 காசு காலம் கொடுத்தது. 5 ரூபாய் 49 காசு வட்டி இறங்கியதால் வந்தது.

இங்கே ஒரு முக்கியமான உண்மை வெளிப்படுகிறது. முடிவுப் புள்ளி நூறு என்று முன்பே எழுதப்பட்டுவிட்டதால், 89.77-க்கு வாங்கியவருக்கு முதிர்வுவரை கிடைக்கக்கூடிய மொத்த விலை ஏற்றம் 10 ரூபாய் 23 காசு மட்டுமே. அதைவிட ஒரு காசும் கூடவோ குறையவோ முடியாது. வட்டி இறங்கியதால் கிடைத்த 5.49 ரூபாய், வானத்திலிருந்து விழுந்த புதிய பணம் அல்ல. வரவிருந்த ஆண்டுகள் சிறுகச் சிறுகக் கொடுத்திருக்க வேண்டியதைச் சந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டது. 98.16-இல் நிற்கும் பத்திரத்துக்கு இனி ஏற மிஞ்சியிருப்பது 1 ரூபாய் 84 காசுதான். கடந்த மூன்றாண்டு வருவாயைக் காட்டி அடுத்த மூன்றாண்டுக்கும் அதுவே வரும் என்று நம்பவைக்கும் விளம்பரங்கள் மறைப்பது இந்தக் கழித்தலைத்தான். வட்டி இறங்கும் காலத்தில் ஒரு கடன் பத்திரம் ஈட்டும் கூடுதல் வருவாய், அதன் எதிர்காலத்திலிருந்து எடுக்கப்பட்டது.

எதிர்த் திசையிலும் இதே நியாயம் நடக்கிறது, அங்கே அது ஆறுதலாக அமைகிறது. 2022 டிசம்பரில், விலை 90.21 இருக்க வேண்டிய நாளில், ஈட்டு விகிதம் திடீரென்று 9 சதவீதத்துக்குப் பாய்ந்திருந்தால் பத்திரம் 82 ரூபாய் 31 காசுக்கு விழுந்திருக்கும். ஆனால் பள்ளம் ஆழமானதும் இழுப்பும் வலுக்கிறது. 7.5 சதவீதப் பாதையில் அடுத்த அரையாண்டில் 46 காசு ஏறியிருக்க வேண்டிய விலை, 9 சதவீதப் பாதையில் 78 காசு ஏறும். இழந்தது திரும்பிவரும், ஆனால் காத்திருப்பவருக்கு மட்டும்.

அதோடு, முதிர்வு நெருங்கும்போது அதே அதிர்ச்சியின் வீச்சே சுருங்கிவிடுகிறது. எட்டு ஆண்டுகள் மீதமிருந்தபோது 7.5-இலிருந்து 9-க்கு நேர்ந்த பாய்ச்சல் விலையில் கிட்டத்தட்ட எட்டு ரூபாயைப் பறித்தது. ஓராண்டு மட்டும் மீதமிருக்கும் 2029 டிசம்பரில் அதே பாய்ச்சல் நேர்ந்தால், விலை 98.44-இலிருந்து 97.05-க்கு, அதாவது 1 ரூபாய் 39 காசுதான் இறங்கும். குறைவாகக் கிடைக்கப்போகும் தவணைகள் இரண்டே என்னும்போது, அவற்றுக்காகக் கழிக்க வேண்டியதும் அவ்வளவே. விலை போகக்கூடிய பாதைகளை எல்லாம் ஒரே படத்தில் வரைந்தால், தொடக்கத்தில் ஒரு புள்ளியில் பிறந்து, நடுவில் அகன்று, முதிர்வு நாளில் மறுபடி ஒரே புள்ளியில் கூடும் கதிர் போன்ற உருவம் கிடைக்கும்; நெசவுத்தறியின் நாடா இருபுறமும் கூம்பியிருப்பதுபோல.

இவ்வளவு உறுதியாகத் தோன்றும் ஈர்ப்பு மூன்று நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. மூன்றில் ஒன்று உடைந்தாலும் விலை நூற்றுக்கு வராது, அல்லது வந்தும் பயனில்லை.

முதலாவது, திருப்பித் தரும் நாள் ஒன்று இருக்க வேண்டும். முதல் உலகப் போரின்போது, 1917-இல், பிரிட்டன் திரட்டிய 5 சதவீதப் போர்க் கடன், 1932-இல் 3.5 சதவீதமாக மாற்றப்பட்டபோது, திருப்பித் தருவதற்கான கட்டாய நாள் எதுவும் அதில் எழுதப்படவில்லை. அரசு விரும்பினால் திருப்பித் தரலாம் என்பதுதான் விதி. நாள் இல்லாத பத்திரத்துக்கு ஈர்ப்பும் இல்லை. கூப்பனை ஈட்டு விகிதத்தால் வகுத்தால் வருவதே அதன் விலை. பணவீக்கம் பெருகி, பிரிட்டனின் நீண்ட கால வட்டி 14 சதவீதத்தைத் தொட்ட 1970-களில் அந்தக் கணக்கு 25 பவுண்டு என்று விடை தந்தது. போர்க் காலத்தில் நாட்டுப் பற்றோடு நூறு பவுண்டு கொடுத்தவர்களின் பிள்ளைகள், எந்த ஆண்டும் நூற்றுக்கு அருகே கொண்டுசெல்லாத ஒரு தாளைக் கையில் வைத்திருந்தார்கள். கடைசியில் 2015 மார்ச் 9 அன்று அரசு அதை முகமதிப்புக்கே திருப்பிக் கொடுத்தது. வட்டி மிகவும் இறங்கி, மலிவான புதுக் கடனால் பழையதை அடைப்பது அரசுக்கே ஆதாயமானதுதான் காரணம்.

இரண்டாவது, வாக்குறுதி காப்பாற்றப்பட வேண்டும். 2012 மார்ச்சில் கிரேக்க அரசு தன் பத்திரங்களின் முகமதிப்பில் 53.5 சதவீதத்தை வெட்டியது. அதற்கு முந்தைய மாதங்களில், முதிர்வுக்குச் சில வாரங்களே இருந்த கிரேக்கப் பத்திரங்களும் முகமதிப்பில் பாதிக்கும் கீழே விற்றன. முதிர்வு இவ்வளவு அருகில் இருந்தும் விலை நூற்றை நோக்கி நகர மறுத்தால், அது வட்டி விகிதத்தின் விளைவாக இருக்கவே முடியாது. மேலே கண்டதுபோல ஓராண்டுப் பத்திரத்தில் வட்டி செய்யக்கூடிய சேதம் மிகச் சிறியது. கடன் வாங்கியவர் திருப்பித் தருவார் என்ற நம்பிக்கையே போய்விட்டது என்பதற்கு, நகர மறுக்கும் குறுங்காலப் பத்திரத்தைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. தள்ளுபடியில் கிடைக்கும் ஒரு நிறுவனப் பத்திரத்தை மலிவு என்று எண்ணி வாங்குமுன், அதே காலத்தில் முதிரும் அரசுப் பத்திரத்தோடு அதன் ஈட்டு விகிதத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதும் இதற்காகத்தான்.

மூன்றாவது நிபந்தனை பத்திரத்தில் இல்லை, அதை வைத்திருப்பவரிடம் இருக்கிறது. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, வட்டி மிகத் தாழ்ந்திருந்த ஆண்டுகளில் நீண்ட காலப் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தது. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் ஆதரவு பெற்ற வீட்டுக்கடன் பத்திரங்கள். பணம் திரும்பாது என்ற ஐயம் அவற்றின்மேல் எவருக்கும் இல்லை. முதிர்வுவரை வைத்திருப்பதாகச் சொல்லி ஒதுக்கிய சுமார் 9,100 கோடி டாலர் பத்திரங்களின் சந்தை மதிப்பு, 2022-இன் இறுதியில் ஏறத்தாழ 1,500 கோடி டாலர் குறைந்திருந்தது. விலை முகமதிப்புக்குத் திரும்பிவிடும் என்பதால், அந்தக் குறையை இலாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்று கணக்கியல் விதி அனுமதித்தது. விதியின் தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் ஈர்ப்பு வேலை செய்யப் பல ஆண்டுகள் வேண்டும். வைப்பாளர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 2023 மார்ச் 8 அன்று வங்கி வேறொரு தொகுப்பைச் சேர்ந்த சுமார் 2,100 கோடி டாலர் பத்திரங்களை 180 கோடி டாலர் நட்டத்தில் விற்றதாக அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வைப்புத் தொகையைத் திரும்பப் பெறும் கோரிக்கைகள் வந்து குவிந்தன. மார்ச் 10 அன்று வங்கி மூடப்பட்டது. பத்திரங்கள் கெட்டவை அல்ல, அவற்றோடு முதிர்வுவரை உடன்வர முடியாதவர் கையில் அவை இருந்தன.

இந்திய வங்கிகளும் அரசுப் பத்திரங்களில் பெரும்பங்கை முதிர்வுவரை வைத்திருப்பதற்கென்றே தனியாக ஒதுக்கி வைக்கின்றன. நெடுங்காலம் அங்கே ஒரு சமனின்மை இருந்தது. பிரீமியத்தில் வாங்கிய பத்திரத்தின் பிரீமியத்தை மீதமுள்ள காலம் முழுவதும் பரப்பி, ஆண்டுதோறும் கணக்கில் கரைக்க வேண்டும். ஆனால் தள்ளுபடியில் வாங்கிய பத்திரம் வாங்கிய விலையிலேயே ஏட்டில் நின்று, முதிர்வு நாளில்தான் ஒரே தாவலில் நூறாகும். எச்சரிக்கை உணர்வோடு வகுக்கப்பட்ட விதிதான், எனினும் விலை உண்மையில் நடந்துவரும் வழியை அது பாதியளவே காட்டியது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் புதிய நெறிமுறை, தள்ளுபடியையும் அதேபோலக் காலத்தின்மேல் பரப்பச் சொல்கிறது. மேலே கண்ட கணக்கேட்டில் விலைக்குள் சேர்ந்த 4,412 ரூபாய் போன்ற தொகைகள், அவை சம்பாதிக்கப்பட்ட ஆண்டிலேயே இப்போது ஏட்டில் இடம்பெறுகின்றன.

5.85 சதவீதப் பத்திரத்தின் பாதை எந்தத் திசையில் வளைந்தாலும், அதன் கடைசி வரி இன்றே தெரிந்ததுதான். 2030 டிசம்பர் 1 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதிர்வு நாள் விடுமுறையில் விழுந்தால் தொகையை முந்தைய வேலைநாளிலேயே கொடுத்துவிடுவது அரசுப் பத்திரங்களின் விதி என்பதால், நூறு ரூபாயும் கடைசிக் கூப்பனான 2 ரூபாய் 92.5 காசும் அதற்கு முந்தைய வேலைநாளில், அந்தப் பத்திரத்தை அப்போது வைத்திருப்பவரின் கணக்கில் வந்து சேரும். அவர் அதை 89.77-க்கு வாங்கியவரா, 98.16-க்கு வாங்கியவரா, 2020-இல் நூற்றுக்கே வாங்கியவரா என்று அந்த வரவுப் பதிவில் எந்தக் குறிப்பும் இருக்காது.